வருத்தம் வந்தால் ஒப்படைக்கு நாள் கேட்பது எப்படி: கொழும்பில் படிக்கும் மாணவருக்கு

கொழும்பில் மே கடைசியில் மழை பிடித்தால் அடுத்த சில வாரங்களில் போர்டிங் வீடுகளில் யாராவது ஒருவர் டெங்குவோடு படுப்பார். ஒப்படைகளும் அந்த நேரத்தில்தான் வந்து குவியும். எனக்கு இரண்டாம் ஆண்டில் அப்படித்தான் நடந்தது. நாள் நீடித்துத் தரும்படி யாரிடம் கேட்பது, எந்தத் தாளைக் காட்டுவது, அதை எப்போது காட்டுவது என்று எவரும் ஒரே இடத்தில் சொல்லித் தரவில்லை. துறை அலுவலகம் விரிவுரையாளரைக் காட்டியது, விரிவுரையாளர் மெடிக்கலைக் கேட்டார், மெடிக்கலைக் கொண்டுபோன இடத்தில் மூலப் பிரதி வேண்டும் என்றார்கள். உடம்பு முடியாத நேரத்தில் இந்த அலைச்சல் வேறு யாருக்கும் வேண்டாம். வெளியூரிலிருந்து வந்து தனியாகத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை நினைத்தே இதை எழுதுகிறேன்.

ஒப்படைக்கு நாள் கேட்பதைப் பற்றி மட்டும்தான் இங்கே சொல்கிறேன். பரீட்சைக்குப் போக முடியாமல் போவது வேறு விசயம். அதற்குத் தனி விதியும் தனிக் கால எல்லையும் உண்டு. அதை விரிவுரையாளருக்கு மெயில் எழுதித் தீர்க்க முடியாது.

## 1. நாள் தரும் அதிகாரம் யாருக்கு என்று பாருங்கள்

பாடத்தின் தொடக்கத்தில் கொடுத்த பாட விளக்கத் தாளையும் பீடத்தின் மாணவர் கைநூலையும் திறந்து, தாமதமாக ஒப்படைப்பது பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்: விரிவுரையாளரே முடிவு செய்வார், துறைத் தலைவரின் அனுமதி வேண்டும், அல்லது ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

கொழும்பில் தனியார் நிறுவனங்களில் பிரித்தானியப் பட்டங்களைப் படிப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பாடநெறிகளில் உங்கள் விரிவுரையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்கு நாள் தரும் அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். விசேட சூழ்நிலைகளுக்கான படிவத்தை நிரப்பிச் சான்றோடு அனுப்பினால்தான் செல்லும். விரிவுரையாளர் "பிரச்சினை இல்லை, பிறகு தாருங்கள்" என்று வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டார் என்று நம்பி இருந்தவர்களுக்குப் பிறகு புள்ளி வெட்டப்பட்டதைக் கண்டிருக்கிறேன். படிவம் இருந்தால் படிவம்தான் முதல் வேலை, மெயில் அவருக்குத் தெரியப்படுத்துவதற்கு.

## 2. வைத்தியரிடம் இருக்கும்போதே தாளைக் கேட்டு வாங்குங்கள்

மெடிக்கல் என்று நாம் சொல்லும் மருத்துவச் சான்றிதழை, சுகமான பிறகு போய் வாங்கலாம் என்று விடாதீர்கள். வைத்தியர் தான் பார்த்த நோயைத்தான் உறுதிப்படுத்த முடியும். காய்ச்சல் விட்டு ஒரு வாரம் கழித்துப் போய் நின்றால் நேர்மையான வைத்தியர் எழுதித் தரமாட்டார், தரவும் கூடாது.

அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் பார்ப்பதற்குப் பணம் இல்லை. ஆனால் அரை நாள் போய்விடும், காய்ச்சலோடு வரிசையில் நிற்கவும் வேண்டும். கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தனியார் வைத்தியரிடம் சனல் பண்ணிப் போனால் வைத்தியர் கட்டணம், வைத்தியசாலைக் கட்டணம், இரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் தனித்தனியாக வரும். சான்றிதழுக்குத் தனியாகப் பணம் எடுப்பவர்களும் உண்டு, உள்ளே போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். சில பீடங்கள் தனியார் வைத்தியரின் சான்றிதழைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியும் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்று கேட்கும். ஆயுர்வேத வைத்தியரின் சான்றிதழ் எல்லா இடத்திலும் எடுபடாது. இவை இரண்டையும் துறை அலுவலகத்துக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டுவிட்டால் பிறகு இரண்டாம் முறை அலைய வேண்டியதில்லை.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று நான்கு விசயம் பாருங்கள்: உங்கள் பெயர் மாணவர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா, ஓய்வு தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் தெளிவாக இருக்கின்றனவா, வைத்தியரின் ஒப்பமும் முத்திரையும் உண்டா, முத்திரையில் இலங்கை மருத்துவ சபையின் பதிவிலக்கம் வாசிக்கத் தெரிகிறதா. தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் தப்பும் தவறுமாக எழுதப்படுவது சாதாரணமாக நடக்கும். அந்த மேசையில் ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். வீட்டுக்குப் போன பிறகு என்றால் இன்னொரு நாள் போய்விடும்.

வார்ட்டில் தங்கினால், துண்டு வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் கார்டோடு மெடிக்கலையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல நேரம் தரமாட்டார்கள். இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் எறியாதீர்கள், அவற்றின் பயன் கீழே வரும்.

## 3. முதல் மெயில்: படுக்கையில் இருந்தே, நான்கு வரியில்

பலர் மெடிக்கல் கைக்கு வரட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்து இறுதித் திகதியைத் தாண்டிவிடுகிறார்கள். இறுதித் திகதிக்கு முன்னால் வரும் நான்கு வரி, பின்னால் வரும் இரண்டு பக்கத்தைவிட அதிகம் உதவும். விரிவுரையாளரின் பக்கமிருந்து பாருங்கள். முன்னால் வந்தால் அது அறிவித்தல். பின்னால் வந்தால், எவ்வளவு உண்மையாக இருந்தாலும், காரணம் சொல்வது போலத்தான் தெரியும்.

ஒரு மாணவியின் கதையை வைத்தே கடைசிவரை போவோம். 2,500 சொற்களில் ஒரு கட்டுரை, இறுதித் திகதி யூன் 14, வெள்ளி இரவு 11.59. யூன் 8 சனி இரவு காய்ச்சல் தொடங்குகிறது. திங்கள் வெள்ளவத்தையில் ஒரு வைத்தியரிடம் போகிறாள், இரத்தம் சோதிக்கச் சொல்கிறார். செவ்வாய் மறுபடியும் சோதனை. புதன் பிளேட்லெட் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எண்ணிக்கை வந்தால் நம் நாட்டில் வார்ட்டில் சேரச் சொல்வார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய நேரம். புதன் மாலை வார்ட்டில் இருந்து அவள் போனில் அனுப்பியது இவ்வளவுதான்:

> பொருள்: SOC 2214, இரண்டாம் ஒப்படை: வைத்தியசாலையில் அனுமதி (பதிவிலக்கம் …)
>
> மதிப்பிற்குரிய சேர்,
>
> டெங்குக் காய்ச்சல் காரணமாக இன்று (யூன் 12) வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை அன்று முடித்துத் தர இயலாது. எத்தனை நாள் ஓய்வு என்று வைத்தியர் சொன்னதும், மருத்துவச் சான்றிதழுடன் முழு விபரத்தையும் எழுதி, கால நீடிப்பு கேட்கிறேன். இதுவரை எழுதிய பகுதியை இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> நன்றி.
> (முழுப் பெயர், பதிவிலக்கம், ஆண்டு)

இந்த மெயிலில் எத்தனை நாள் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்கவும் முடியாது. பொருள் வரியில் பாடக் குறியீடும் பதிவிலக்கமும் இருப்பதைப் பாருங்கள். நூற்றுக்கு மேல் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர், "ஒரு வேண்டுகோள்" என்று மட்டும் வரும் மெயிலைத் திறந்தாலும் யார், எந்தப் பாடம் என்று தேட வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகம் தந்த மெயில் முகவரியில் இருந்தே அனுப்புங்கள். சொந்த முகவரியில் இருந்து போனால் ஸ்பாமுக்குள் விழலாம், எழுதியது நீங்கள்தான் என்று அவர் உறுதிப்படுத்தவும் வழியில்லை. எழுந்திருக்கவே முடியாவிட்டால் அறைத்தோழியோ தோழனோ அவருடைய முகவரியில் இருந்து "இன்னாரின் சார்பில் எழுதுகிறேன்" என்று எழுதட்டும். உங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்து உங்கள் பெயரில் எழுத வைக்காதீர்கள்.

வட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணிக்குக் குரல்பதிவு அனுப்புவதும், வகுப்புப் பிரதிநிதி மூலம் சொல்லி அனுப்புவதும் மெயிலுக்கு ஈடாகாது. பிறகு கேள்வி வந்தால் காட்ட உங்களிடம் எழுத்தில் எதுவும் இருக்காது.

## 4. எத்தனை நாள் கேட்பது: கணக்குப் போடுங்கள்

"இன்னும் கொஞ்ச நாள்" என்று கேட்டால் விரிவுரையாளர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இரண்டு வாரம் என்று சும்மா ஒரு எண்ணைப் போட்டாலும் சரிவராது. நோய் எத்தனை நாளைத் தின்றதோ அத்தனை நாளைக் கேளுங்கள்.

நம் மாணவி ஞாயிறு, யூன் 16 அன்று துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தாள். சான்றிதழில் யூன் 12 முதல் 20 வரை ஓய்வு. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இறுதித் திகதிக்கு ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு நாள் மீதி இருந்தது. அந்த ஆறும் போயின. ஓய்வு 20 ஆம் திகதி முடிகிறது, அதற்குப் பிறகு ஆறு நாள் எண்ணினால் யூன் 26 புதன். அவள் கேட்டது அந்தத் திகதிதான். அதில் ஒரு நாள்கூட விளக்கமில்லாமல் நிற்கவில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சான்றிதழ் 12 ஆம் திகதியில்தான் தொடங்குகிறது, 9 முதல் 11 வரையான மூன்று நாளுக்கு அதில் எதுவும் இல்லை. பத்திரமாக வைத்திருக்கச் சொன்ன இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் அதற்குத்தான். திங்களும் செவ்வாயும் எடுத்த அறிக்கைகளில் திகதி அச்சாகியிருக்கும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். விடைகளை வகுப்பில் கலந்துரையாடவோ திருத்திய தாள்களைத் திருப்பிக் கொடுக்கவோ அவர் ஏற்கெனவே ஒரு நாள் குறித்திருந்தால், அதற்குப் பிந்திய திகதியைக் கேட்பதில் பயனில்லை. மற்றவர்களின் விடைகள் வெளியான பிறகு உங்களுடையதை அவர் எப்படி ஏற்பார்? அப்படியானால் வேறு தலைப்பில் எழுதித் தரலாமா என்று கேளுங்கள்.

டெங்கு விட்ட பிறகும் களைப்பு சில வாரம் இழுக்கலாம். ஓய்வு முடிந்த மறுநாளே பழைய வேகத்தில் எழுதலாம் என்று கணக்குப் போட்டு, பிறகு இரண்டாம் முறை நாள் கேட்பது கடினம். உடம்பு தாங்காது என்று தெரிந்தால் அதை முதலே வைத்தியரிடம் சொல்லி, ஓய்வு நாளை அவர் வாயிலாகவே முடிவு செய்யுங்கள்.

## 5. முழு மெயில்

துண்டு வெட்டிய அன்று மாலை அவள் அனுப்பியது. முதல் மெயிலுக்குப் பதிலாகவே அதே தொடரில் எழுதினாள், அதனால் புதன்கிழமை அறிவித்ததும் கீழேயே தெரிந்தது.

> மதிப்பிற்குரிய சேர்,
>
> டெங்குக் காய்ச்சலால் யூன் 12 முதல் வைத்தியசாலையில் இருந்து, இன்று வீடு திரும்பினேன். யூன் 20 வரை ஓய்வெடுக்குமாறு வைத்தியர் கூறியுள்ளார். காய்ச்சல் யூன் 8 இரவே தொடங்கியது. 10 ஆம், 11 ஆம் திகதிகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் மருத்துவச் சான்றிதழையும் இணைத்துள்ளேன்.
>
> நோய் தொடங்கியபோது 2,500 சொற்களில் ஏறத்தாழ 1,100 சொற்கள் எழுதியிருந்தேன். புதன்கிழமை அனுப்பிய கோப்பு அதுவே. பகுப்பாய்வுப் பகுதியும் உசாத்துணைப் பட்டியலும் மீதமுள்ளன.
>
> இழந்த ஆறு நாட்களை ஓய்வுக் காலத்துக்குப் பின் சேர்த்து, யூன் 26 புதன் இரவு 11.59 வரை கால நீடிப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். திருத்தும் பணிக்கு அத்திகதி பொருந்தாவிட்டால், தாங்கள் குறிக்கும் திகதியை ஏற்று அதற்குள் முடிக்க முயல்வேன். சான்றிதழின் மூலப் பிரதியை யூன் 21 அன்று துறை அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன்.
>
> நன்றி.
> (முழுப் பெயர், பதிவிலக்கம், ஆண்டு, தொலைபேசி இலக்கம்)

இதை ஒருமுறை வாசித்ததும் அவரால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும். அவர் திரும்பக் கேட்க எதுவும் மீதியில்லை. மன்னிப்பு ஒரு இடத்திலும் இல்லை, நோய் வந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதும் இல்லை. "கருணை கூர்ந்து", "என் எதிர்காலமே தங்கள் கையில்" போன்ற வரிகளை விட்டுவிடுங்கள். அவை மரியாதையைக் கூட்டுவதில்லை, வாசிப்பவரைச் சங்கடத்தில் விடுகின்றன. முடிவை அவரிடம் விட்ட அந்த ஒரு வரியில் வேண்டிய மரியாதை இருக்கிறது.

விளிக்கும்போது, வகுப்பில் சேர், மிஸ் என்று கூப்பிடுகிறீர்கள் என்றால் மெயிலிலும் அப்படியே போதும். பட்டத்தைச் சேர்ப்பதானால் கலாநிதியா பேராசிரியரா என்று துறையின் இணையப் பக்கத்தில் பாருங்கள். விரிவுரையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இதே வரிசையில் ஆங்கிலத்திலோ, உங்களுக்கு வருமென்றால் சிங்களத்திலோ எழுதுங்கள். சின்னச் சின்ன வசனமாக எழுதினால் பிழை குறையும்.

இணைப்புகளை நேராக மெயிலோடு சேருங்கள். டிரைவ் இணைப்பாகக் கொடுத்தால் அனுமதி பூட்டியிருந்து, அவர் திறக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிடுவார். போனிலேயே ஸ்கேன் செய்து PDF ஆக்கலாம், செலவில்லை. கோப்பின் பெயர் `MC_12-20June.pdf` என்பதுபோல் இருக்கட்டும். முத்திரை தெளிவாகத் தெரிகிறதா என்று அனுப்புமுன் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

## 6. உண்மையை எவ்வளவு சொல்வது

நோய் வந்தபோது நீங்கள் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை என்றால்? அப்படியே சொல்லுங்கள்: "தரவுகளைச் சேர்த்திருந்தேன், எழுதத் தொடங்கவில்லை." முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று எழுதி, அவர் "இருப்பதை அனுப்புங்கள்" என்று கேட்டால் அத்தோடு மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்குள் போய்விடும். தொடங்காததற்காக உங்களுக்கு நாள் கிடைக்காமல் போவதில்லை, நோய் தின்ற நாட்கள் இரண்டு நிலையிலும் ஒன்றுதான். கேட்கும் நாளை அதற்கு மேல் கூட்டாமல் இருந்தால் போதும்.

சாதாரணத் தடிமன், தலைவலி என்றால் டெங்கு சந்தேகம் என்று எழுதாதீர்கள். "இரண்டு நாளாகக் கடும் தலைவலி, வைத்தியரிடம் போகவில்லை, அதனால் சான்றிதழ் இல்லை. ஞாயிறு வரை தர முடியுமா?" என்று இறுதித் திகதிக்கு முன்பே கேட்டால் பல விரிவுரையாளர்கள் தந்துவிடுவார்கள். மறுத்தாலும் உங்கள் பெயர் கெடாது.

காசு கொடுத்து மெடிக்கல் வாங்கும் வழியை யாராவது சொல்லித் தருவார்கள். போகாதீர்கள். வைத்தியரின் பெயரையும் பதிவிலக்கத்தையும் மருத்துவ சபையின் பதிவேட்டில் இணையத்திலேயே பார்க்கலாம். அலுவலகம் அந்த வைத்தியருக்கே போன் எடுத்தும் கேட்கலாம். பிடிபட்டால் ஒப்படையோடு போகாது, ஒழுக்காற்று விசாரணை வரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. உண்மையாக இருப்பது என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றில்லை. மனநலச் சிகிச்சை, மாதவிடாய்ப் பிரச்சினை, கருச்சிதைவு போன்றவற்றை விரிவுரையாளரிடம் விவரிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. "மருத்துவச் சிகிச்சை பெற்று வருகிறேன். விபரம் உள்ள சான்றிதழைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் ஒப்படைக்க விரும்புகிறேன்" என்று எழுதுங்கள். அந்த வழி உங்கள் இடத்தில் இல்லையென்றால் மாணவர் ஆலோசகரிடம் பேசி, அவர் மூலம் துறைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

## 7. பதில் வந்ததும், வராவிட்டாலும்

மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வேலை நாள் பார்த்தும் பதில் இல்லையென்றால் அதே தொடரில் இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். போயா விடுமுறையையும் வார இறுதியையும் வேலை நாளாக எண்ண வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால் துறை அலுவலகத்துக்குப் போன் எடுத்து, அவர் விடுமுறையில் இருக்கிறாரா, யாரிடம் கேட்கலாம் என்று விசாரியுங்கள். நாள் கிடைக்காமலும் போகலாம், ஆகவே முடிந்த அளவுக்கு எழுதிக்கொண்டே இருங்கள்.

சரி என்று பதில் வந்தால் வேலை இன்னும் முடியவில்லை. மூடில் தளத்தில் ஒப்படைப்பவர்கள் உள்ளே போய்ப் பாருங்கள். விரிவுரையாளர் உங்கள் பெயருக்கு எதிரே `Grant extension` கொடுத்திருந்தால் உங்கள் ஒப்படைப் பக்கத்தில் `Extension due date` என்ற வரியில் புதிய திகதி தெரியும். மெயிலில் சரி சொன்னவர் இதைச் செய்ய மறந்திருந்தால், `Cut-off date` தாண்டியதும் தளம் உங்கள் கோப்பை எடுக்காது. கடைசி இரவில்தான் இது தெரியவரும். அந்த வரி இல்லையென்றால் உடனே அவருக்கு எழுதுங்கள். அரைகுறைக் கோப்பைத் தளத்தில் ஏற்றி இறுதியாக ஒப்படைத்தும் விடாதீர்கள், பூட்டிக்கொண்டால் பிறகு அவர் திறந்துவிட வேண்டியிருக்கும். உங்கள் கணக்கின் நேர வலயம் `Asia/Colombo` என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தில் தெரியும் மணி வேறாக இருக்கும்.

குழு ஒப்படை என்றால் உங்களுக்குக் கிடைத்த நாள் மற்றவர்களுக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு, பதிலைக் குழுவில் போடுங்கள்.

மூலச் சான்றிதழைக் கொடுக்கும்போது ஒரு பிரதியில் அலுவலகத்தின் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரதியையும் விரிவுரையாளரின் பதிலையும் அந்த அரையாண்டின் பெறுபேறு வரும்வரை அழிக்காதீர்கள். பெறுபேற்றில் தாமதத்துக்கென்று புள்ளி குறைக்கப்பட்டிருந்தால் கேட்கப்போகும் இடத்தில் இவை இரண்டும்தான் தேவைப்படும்.